ஏணிப் பூட்டு

“ரெண்டு செங்கலை அடியில சொருகிட்டா—”

“செங்கல் பேச்சே எடுக்காதீங்க—”

“—பரவால்லங்கறேன், முழுசாக் கேக்காமயே—”

“—கேட்டாச்சு மேஸ்திரி. போன வாரமும் இதையேதான் கேட்டேன்.”

“போன வாரம் வேற மூலை.”

“மூலைதான் வேற. பேச்சு அதேதான்.”

கிழக்குச் சுவரை ஒட்டி நாலு மாடி உயரத்துக்கு நின்ற சாரத்தின் அடியில் மேஸ்திரியும் சாரத்தைச் சோதிக்க வந்தவளும் குந்தியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் பதிக்க யாரோ தோண்டிய பள்ளம் சாரத்தின் காலுக்கு ஒரு முழத்தில் ஓடியது. முந்தின நாள் பெய்த மழை அந்தப் பள்ளத்தின் கரையை மென்று தின்றிருந்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, சாரத்தின் கால் நிற்கும் இரும்புத் தட்டுக்குக் கீழே கிடந்த அடிப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் விரலை விட்டாள். விரல் போனது. உள்ளங்கை போனது. மணிக்கட்டு வரை போனது.

“பாத்தீங்களா? பலகை மண்ணு மேல இல்ல. காத்து மேல நிக்குது.”

“அது ஒரு கால்தானம்மா. மத்த கால் எல்லாம் கல்லு மாதிரி நிக்குதே.”

“பக்கத்துக் காலையும் பாத்துட்டேன். அதுவும் தொங்குது. உங்க செங்கல் இத்தனை பாரத்துக்கு நொறுங்கித் தூளாயிடும். மண்ணைக் கெட்டிச்சு, பலகையை நீளமாப் போட்டு உக்கார வைக்கணும். இது நான் உங்களுக்குச் சொல்லித்தரணுமா?”

மேஸ்திரி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். சாரம் கட்டுவதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்தும் செய்ய மாட்டார் என்பதுதான் அவருடைய விசேஷம். பலகை விரிசல் விட்டால் பரவால்ல, குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்தால் பரவால்ல, கைப்பிடி ஒன்று குறைந்தால் பரவால்ல. வேலையாட்கள் அவருக்கு ‘பரவால்ல’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவருக்கும் தெரியும். அதையும் பரவால்ல என்று விட்டுவிட்டார்.

அவளுக்கும் ஒரு பேர் இருந்தது. செவப்பம்மா. வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சாரத்தையும் அடியிலிருந்து நுனி வரை பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பெரிய மழையோ காற்றோ வந்து போனால் வாரம் ஆகாவிட்டாலும் பார்க்க வேண்டும். யாராவது ஒரு குழாயைக் கழற்றி மாற்றினாலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாரத்தின் ஏணி அடியிலும் ஓர் அட்டை உறை கட்டியிருக்கும். உறையின் உள்முகம் சிவப்பு. அதில் ‘ஏறாதே’ என்று அச்சடித்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், தேதியும் கையெழுத்தும் போட்ட பச்சை அட்டையை அவள் அதற்குள் செருகுவாள். பச்சை சிவப்பை மறைத்துக்கொள்ளும். சாரம் உறுதியாக இருந்து, ஓர் இடத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை என்றால் மஞ்சள். என்ன ஜாக்கிரதை என்பதை அதிலேயே எழுத வேண்டும். அட்டையை உருவிவிட்டால் மிஞ்சுவது சிவப்புதான். நல்லது என்று ஒருத்தர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் எந்தச் சாரமும் ஆபத்துதான் என்பது அந்த ஏற்பாட்டின் கணக்கு.

அவள் சோதனைப் பட்டியலை முழங்காலில் வைத்து வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தாள். தரை, அடிப்பலகை: தப்பு. குழாய்கள் நேராக நிற்கின்றனவா: மூலையில் ஒன்று லேசாகச் சாய்வு. குறுக்குக் குழாய்: சரி. சுவரோடு பிணைக்கும் கட்டு:

“ரெண்டாவது தட்டுல வரிசையா மூணு கட்டைக் காணோம். எங்க போச்சு?”

“ஜன்னல் வைக்கறவனுங்க கழட்டினானுங்க. இடிக்குதாம்.”

“கழட்டினவங்க திருப்பி மாட்டலையா?”

“அதை அவனுங்களக் கேளுங்க.”

“சாரம் யாருது? ஜன்னல்காரருதா?”

“கல்யாணத்துக்கு வந்தவன் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போனா மாப்பிள்ளை வீட்டுக்காரனா பொறுப்பு?”

பின்னால் நின்ற பூச்சு வேலைக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். தூசி பறக்காமல் இருக்கச் சாரம் முழுக்க வலை போர்த்தியிருந்தது. கட்டு இல்லாத இடத்தில் காற்று வலையைப் பிடித்து உப்ப வைத்தது, தளர விட்டது, மறுபடி உப்ப வைத்தது.

“வலை வேற. காத்து பலமா அடிச்சா இது சாரம் இல்ல மேஸ்திரி, பாய்மரம். சுவத்தோட பிடி இல்ல, கீழ கால் இல்ல. இதுல எந்த ஒண்ணு இருந்தாலும் செவப்பு. ரெண்டும் இருக்கு.”

சத்தம் கேட்டு என்ஜினியர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கெடு நெருங்கினால் யாருடைய நல்ல குணமும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும்.

“என்னம்மா இது, நாளைக்குள்ள இந்தச் சுவர் பூசி முடியணும். ஒரு மஞ்சளாவது போட்டு விடுங்க. எல்லாரும் பெல்ட் மாட்டிக்கிட்டு ஏறட்டும்.”

“சார், ஆள் தவறி விழுந்தா பெல்ட் பிடிக்கும். சாரமே விழுந்தா பெல்ட்டை எதுல மாட்டறது?”

என்ஜினியர் சாரத்தை அண்ணாந்து பார்த்தார். “சரி. எவ்வளவு நேரத்துல சரி பண்ணலாம், மேஸ்திரி?”

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பண்ணிடலாம் சார். அதுவரைக்கும் ஏறினாலும் பரவால்ல, என் அனுபவத்துல—”

“மேஸ்திரி,” என்றாள் அவள். “உங்க அனுபவத்துல இதுவரைக்கும் யாருமே விழுந்ததில்லையா?”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அவர் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“விழுவானுங்க,” என்றார் மேஸ்திரி, பல்லைக் குத்திக்கொண்டே. “சொன்ன பேச்சைக் கேக்காதவன் விழுவான். பெல்ட் போடுடான்னா போடாம ஏறுவான். அதுக்கு நாம என்ன பண்றது.”

அவர் பல் குத்தியது ஒரு பச்சை அட்டையின் மூலையால். பழைய பச்சை அட்டை, கையெழுத்துப் போடாதது. சட்டைப் பையில் இன்னும் இரண்டு மூன்று எட்டிப் பார்த்தன.

“அந்த அட்டை ஏது உங்ககிட்ட?”

“இதுவா? பழைய சைட்டுல மிஞ்சினது. பல்லு குத்த நல்லா இருக்கு.”

விதிப்படி அவள் அப்போதே அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அட்டை அவளிடம் மட்டும்தான் இருக்கலாம். அவள் கேட்கவில்லை. ஏணி அடியில் இருந்த உறையிலிருந்து போன வாரத்துப் பச்சையை உருவினாள். ‘ஏறாதே’ தெரிந்தது.

சிவப்பு ஆனால் அவள் கூடவே செய்கிற இன்னொன்று உண்டு. ஏணியின் கீழ்ப் படிகளை மறைத்து ஒரு நீளப் பலகையை வைத்து, சங்கிலியைச் சுற்றி, பூட்டுப் போடுவாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவனுக்கும் பூட்டு புரியும் என்பாள். பூட்டு எப்போதும் அவள் பைக்குள் இருக்கும். கை பைக்குள் போனது. பூட்டின் குளிர்ச்சியை விரல் தொட்டது.

கை வெறுமனே வெளியே வந்தது.

“நாளைக்குக் காலையில ஆள் வர்றதுக்கு முன்னாடி நான் இங்க இருப்பேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். நாலடி போனதும் என்ஜினியரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “சார், நாளைக்கு நீங்களும் சீக்கிரம் வந்துடுங்க. ஸ்டோர் ரூம்ல இருப்பேன். உங்களுக்கு ஒண்ணு காட்டணும்,” என்றாள்.

*

வீட்டில் தம்பி மேஜை மேல் ஒரு மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். இடுப்பு எலும்பு உடைந்து சேர்ந்த பிறகு அவனால் நெடுநேரம் நிற்க முடியாது. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலையாக அந்தத் தெருவின் மிக்ஸி, மின்விசிறி எல்லாம் அவனிடம் வந்து சேர்ந்தன. கைத்தடி நாற்காலியில் சாய்ந்திருந்தது.

அவள் பையைக் கவிழ்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரம், தலைக்கவசத்தின் வார், அளவு நாடா, பூட்டு.

“பூட்டு நனைஞ்சிருக்கு பாரு, துரு பிடிக்கும்,” என்றான் தம்பி. திருகுளியை வைத்துவிட்டு, எண்ணெய்ப் புட்டியின் மூக்கைச் சாவித் துளையில் வைத்து ஒரு சொட்டு விட்டான். “என்னக்கா முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“அதே ஆளு. இன்னைக்கு நல்லா பக்கத்துல நின்னு பேசினேன்.”

“எந்த ஆளு?” என்று கேட்டுவிட்டு, கேட்கத் தேவையில்லை என்பது புரிந்து தலையைக் குனிந்துகொண்டான். “அவரு உன்னை அடையாளம் கண்டுக்கிட்டாரா?”

“எப்படிக் கண்டுக்குவாரு? ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாத்தானே என்னைப் பாத்திருப்பாரு. ‘சொன்ன பேச்சைக் கேக்காதவன் விழுவான்’னாரு. பல்லைக் குத்திக்கிட்டே சொன்னாருடா.”

தம்பி ஒரு திருகாணியைத் தேடி எடுத்தான். அந்த வாக்கியம் அந்த வீட்டுக்குப் புதிதில்லை.

அவன் விழுந்த கட்டடத்திலும் இவர்தான் மேஸ்திரி. அங்கே சாமான் தூக்குவதற்காக மேல் தட்டில் ஒரு பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள். விதிப்படி மஞ்சள் அட்டை. ‘பெல்ட் மாட்டாமல் மேல் தட்டுக்குப் போகாதே’. ஆனால் பெல்ட் பத்தவில்லை என்று வேலை நின்றுபோய்விடும் என்பதால் அன்று காலை ஏணி அடியில் பச்சை தொங்கியது. பச்சையைப் பார்த்துத்தான் தம்பி ஏறினான். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது மஞ்சள். போட்டோவில் மஞ்சள். விசாரணையில் மஞ்சள். பச்சைதான் இருந்தது என்று தம்பி சொன்னதை யாரும் நம்பவில்லை. விசாரித்தவர் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “எழுதியிருக்கறதைப் படிக்கிற பழக்கம் இருந்திருக்கணும் தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா கூட ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டே, “போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமேடா,” என்றாள். அதற்குப் பிறகு தம்பி அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். உடைந்த இடுப்பை அவன் எப்படியோ சுமந்தான். பொய்யன் என்ற பேரை அவனால் சுமக்க முடியவில்லை.

அவள் அப்போது வேறொரு கட்டடத்தில் ஸ்டோரில் தலைக்கவசம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாரம் பார்க்கிற படிப்பைப் படித்தது அதற்கப்புறம்தான். எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். எதற்காகப் படித்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

“விட்டுடேன்க்கா,” என்றான் தம்பி. “இப்ப அவரு வாயால வந்து என்ன ஆகப்போகுது? நான் எழுந்து ஓடவா போறேன்?”

“ஓட வேண்டாம். தலையை நிமித்தி உக்காந்தாப் போதும்.”

“நான் மிக்ஸி பாக்குறேன், குனிஞ்சுதான் பாக்கணும்.”

“சிரிக்க வைக்காத. நாளைக்கு அவரு வாயால சொல்லுவாரு. நீ போனைப் பக்கத்துல வெச்சுக்க.”

“எப்படிச் சொல்லுவாரு?”

“அந்த ஆளுக்குக் கை சும்மா இருக்காது. அன்னைக்குச் செஞ்சதை நாளைக்கும் செய்வாரு,” என்றாள் அவள், சாதத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே. “செய்யட்டும்.”

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பூட்டைத் துடைத்து மேஜையின் ஓரத்தில் வைத்தான்.

*

காலையில் ஸ்டோர் ரூம் ஜன்னலின் இரும்பு வலை வழியாகக் கிழக்குச் சுவர் முழுசாகத் தெரிந்தது. என்ஜினியர் அவளுக்குப் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டார்.

“இப்ப என்னம்மா பாக்கணும்?”

“கொஞ்சம் இருங்க சார்.”

மேஸ்திரி வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். காலால் ஒரு செங்கலைத் தள்ளி, தொங்கும் அடிப்பலகைக்குக் கீழே நகர்த்தினார், இன்னொன்றையும் நகர்த்தினார். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, வேட்டியில் துடைத்து, பேனாவால் என்னவோ கிறுக்கி, உறைக்குள் செருகினார். சிவப்பு மறைந்தது. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டவர் மாதிரி நிம்மதியாக அங்கிருந்து நகர்ந்தார்.

என்ஜினியரின் கொட்டாவி பாதியில் நின்றது. “என்ன பண்றான் அந்த ஆளு?”

“நான் போடாத பச்சையைப் போடுறாரு.”

“வாங்க, போய்—”

“இப்ப போனா, ‘கீழ கிடந்துச்சு, எடுத்து வெச்சேன்’ம்பாரு. ஒரு நிமிஷம். ஆளுங்க வரட்டும். அவங்க முன்னாடி கேப்போம்.” அவள் குரல் அவளுக்கே கொஞ்சம் அந்நியமாகக் கேட்டது. “நான் ஏணி அடியில போய் நின்னுக்கறேன். யாரும் ஏற மாட்டாங்க.”

அப்படித்தான் அவள் இரவு முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் ஏணிக்குப் போய்ச் சேர்வதற்குள் பூச்சு வேலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் தோளில் கரணைப் பையை மாட்டியிருந்தான். கழுத்தில் புதுச் சங்கிலி. மேஸ்திரியின் மருமகன். கல்யாணம் ஆகி இன்னும் மாசக்கணக்கு கூடச் சொல்ல முடியாது. உள்சுவர் பூசுகிறவன். அவனை அவள் இங்கே எதிர்பார்க்கவில்லை. அவனைப் பார்த்ததும் மேஸ்திரியின் முகம் மாறியது.

“மாப்ள, நீங்க எங்க இங்க? உள்ள வேலை இருக்குல்ல?”

“என்ஜினியர் நேத்து ராத்திரி போன் பண்ணாரு மாமா. வெளிச்சுவருக்கு ஆள் பத்தலையாம். இன்னைக்கு எல்லாரும் இங்கதான்.”

“உள்ள பாதியில கிடக்கு. அதை முடிச்சுட்டு வாங்க.”

“அதை நாளைக்குப் பாத்துக்கலாம் மாமா. இதான் அவசரம்.” அவன் உறையைக் குனிந்து பார்த்தான். “பச்சைதானே இருக்கு.”

“பச்சைதான்… இருந்தாலும் வெயில் ஏறிடும் மாப்ள, கொஞ்சம் பொறுத்து—”

“காலையிலயேவா மாமா?” என்று சிரித்தான் மருமகன். “பொண்ணைக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் என் மேல இவ்வளவு பாசம்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் ஏணியில் ஒரு கையை வைத்தான்.

அவள் ஏணியின் மறுபக்கத்தில் நின்றிருந்தாள். கையும் ஏணிப்படி மேல்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இறங்கு’ என்றால் போதும். அந்த வார்த்தை வாய்க்குள் இருந்தது. அவள் அதைப் பல்லுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தாள்.

“மேஸ்திரி,” என்றாள், “பச்சையா?”

“என்னம்மா?”

“உறையில இருக்கறது. பச்சையா, இல்லையா? நீங்க சொல்லுங்க. நான் வாயைத் திறக்கல.”

“அது… நீங்கதானே—”

“நான் நேத்து உருவினேன். எல்லாரும் பாத்தாங்க. இப்ப பச்சை தொங்குது. நீங்க அனுபவசாலி. இந்தச் சாரத்துல இவரு ஏறலாமா?”

மருமகன் ஒரு படி ஏறி நின்றான். கீழே அடிப்பலகை லேசாக முனகியது. செங்கல்லிலிருந்து ஒரு சில்லு தெறித்துப் பள்ளத்தில் விழுந்தது. அதைக் கேட்டது மேஸ்திரியும் அவளும்தான்.

“மாப்ள, இறங்குங்க.”

“ஏன் மாமா?”

“இறங்குங்கறேன்.”

“நேத்து பரவால்லன்னீங்களே மேஸ்திரி,” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். “ஊரான் பிள்ளைக்குப் பரவால்ல, உங்க மாப்ளைக்கு மட்டும் ஆகாதா?”

“அம்மா, அவனை இறக்குங்க—”

“பச்சையா, இல்லையா?”

“இல்ல.” மேஸ்திரியின் குரல் கிழிந்தது. “இல்ல. நான்தான் போட்டேன். இறங்குடா.”

மாப்பிள்ளையை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மருமகன் இறங்கினான். இறங்கியவன் உறையிலிருந்த அட்டையை உருவி, அதில் கிறுக்கியிருந்த கையெழுத்தைப் பார்த்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான்.

“நான் வராம இருந்திருந்தா, மாமா? இவங்க ரெண்டு பேரும் ஏறியிருப்பாங்களே?”

மேஸ்திரி தரையைப் பார்த்தார். பின்னால் நின்ற பூச்சுக்காரர்கள் இரண்டு பேரும் இப்போது சிரிக்கவில்லை. அவர்களில் வயதானவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்ஜினியர் வந்து சேர்ந்திருந்தார்.

“நானும் பாத்தேன் மேஸ்திரி, ஜன்னல்லேர்ந்து,” என்றார். “இதுக்கு மேல இந்த சைட்டுல உங்களுக்கு வேலை இல்ல.”

எந்த ஆளுக்கும் அது போதுமான தண்டனைதான். அவளுக்குப் போதவில்லை. இதற்காகவா அவள் இத்தனை நாள் ஒவ்வொரு அடிப்பலகைக்கும் கீழே விரலை விட்டுக்கொண்டிருந்தாள்?

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்.” அவள் மேஸ்திரிக்கு நேரே வந்து நின்றாள். “பாலத்துக்குப் பக்கத்துல ஒரு ஆறு மாடி கட்டினீங்களே. மேல் தட்டுலேர்ந்து ஒரு பையன் விழுந்தான். ஞாபகம் இருக்கா?”

மேஸ்திரி நிமிர்ந்தார். அவள் முகத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். மூக்கு, தாடை, நெற்றி. அதே ஜாடையை அவர் தரையில் கண் மூடிக் கிடந்த இன்னொரு முகத்தில் பார்த்திருக்கிறார்.

“நீங்க அந்தப் பையனுக்கு…”

“அக்கா.”

அவள் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டு அவருடைய மார்பு உயரத்துக்கு நீட்டிப் பிடித்தாள்.

“தம்பி, கேட்டுக்கிட்டிரு. மேஸ்திரி, அன்னைக்கு அவன் ஏறும்போது உறையில என்ன நிறம்?”

“அம்மா, அது நடந்து எவ்வளவோ—”

“நிறம் மட்டும் சொல்லுங்க. கதை வேண்டாம்.”

மேஸ்திரி மருமகனைப் பார்த்தார். மருமகன் அந்த அட்டையை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததை மறுபடியும் மடித்தான். அவன் உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது.

“பச்சை,” என்றார் மேஸ்திரி.

“யாரு போட்டது?”

“நான்தான். பெல்ட் பத்தல. வேலை நின்னுடும்னு… பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

“மஞ்சள் எப்ப வந்துச்சு?”

“அவனைத் தூக்கிக்கிட்டுப் போனதும் மாத்தினேன்.” அவர் போனைப் பார்த்துப் பேசினார், அதற்குள் ஆள் உட்கார்ந்திருப்பது போல. “தம்பி, உன் மேல தப்பு இல்லப்பா. நீ சொன்னதுதான் நெஜம்.”

மேலே வலை உப்பியது, தணிந்தது. என்ஜினியர் தொண்டையைச் செருமி, “நான் எழுதித் தர்றேன்மா. இதை நான் கேட்டேன்னு எங்க வேணும்னாலும் சொல்றேன்,” என்றார்.

மேஸ்திரி தோள் சரிந்து நின்றார். தொளதொளவென்ற சட்டை இன்னும் தொளதொளத்துத் தெரிந்தது. இதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கண் நிறையப் பார்த்தாள். பார்த்துத் தீரவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வைக்கலாம் போலிருந்தது.

“கேட்டியாடா?” என்றாள் போனில். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நடந்தாள். “எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. அம்மாவைக் கூப்பிட்டு நீயே சொல்லு. அழுதுக்கிட்டிருக்கியா என்ன?”

அந்தப் பக்கத்தில் ஏதோ இரும்பு மேஜையில் உரசும் சத்தம்.

“கேட்டேன்க்கா. எல்லாத்தையும் கேட்டேன்,” என்றான் தம்பி. “பின்னாடி ஒருத்தர் ‘நான் வராம இருந்திருந்தா’ன்னு மாமாவைக் கேட்டாரே, ஏணியில ஏறினவரு. இன்னும் அங்கதான் நிக்கிறாரா?”

“நிக்கிறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல. போன்ல அது எப்படிடா உனக்குக் கேட்டுச்சு? நான் போன் போட்டது அப்புறம்தானே.”

“நீ காலையில கிளம்பினதுலேர்ந்து உன் போன் லைன்லதான் இருந்துச்சு. பையில தானா அழுந்தி எனக்குக் கால் வந்துச்சு. இடையில கட் ஆச்சு, திரும்ப நீ கூப்பிட்ட. அவரு ஏணியில ஏறி நின்னப்போ, ‘பச்சையா இல்லையா’ன்னு நீ கேட்டுக்கிட்டே இருந்ததும் கேட்டுச்சு.”

அவள் திரும்பி ஏணியைப் பார்த்தாள். கீழ்ப் படிகளை மறைக்கும் பலகை, எப்போதும் சாத்தி வைக்கிற இடத்திலேயே சுவரோரம் கிடந்தது. அதைச் சுற்ற வேண்டிய சங்கிலியும் கூடவே சுருண்டு கிடந்தது.

“பூட்டு இங்க மேஜை மேல இருக்கு,” என்றான் தம்பி. “நேத்து நான்தான் எண்ணெய் விட்டேன். செவப்பு போட்ட ஏணியை நீ ஏன்க்கா பூட்டாம வந்த?”